பணி எதிர்பார்ப்புகளை மின்னஞ்சலில் எழுதுவது எப்படி?

கேள்வி: கோயம்புத்தூரில் மோட்டார் பம்ப் உதிரிபாகங்கள் செய்யும் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவு மேலாளராக இருக்கிறேன். என்னிடம் வேலை செய்யும் கணக்கர் என்னைவிட வயதில் மூத்தவர். நான் வருவதற்கு முன்பிருந்தே இங்கே இருப்பவர். அவரை அண்ணா என்றுதான் அழைப்பேன். சில மாதங்களாகக் கொள்முதல் பில்களைத் தாமதமாகவே டேலியில் ஏற்றுகிறார். மாதாமாதம் ஜிஎஸ்டி 3பி அறிக்கை தாக்கல் செய்யும் நேரத்தில் நெருக்கடி வருகிறது. முதலாளி "ஒரு மெமோ கொடுங்கள்" என்கிறார். எனக்கு அவரை நோகடிக்க விருப்பமில்லை. "உங்கள் பணியில் திருப்தி இல்லை, இனியும் தொடர்ந்தால் நிர்வாகம் தக்க நடவடிக்கை எடுக்கும்" என்று எழுதிப் பார்த்தேன். எனக்கே மிரட்டலாகப் பட்டது. "கொஞ்சம் கவனமாக இருங்கள் அண்ணா" என்று மாற்றினேன். அதில் ஒன்றுமே இல்லை. எப்படித்தான் எழுதுவது?
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்: நீங்கள் எழுதிப் பார்த்த இரண்டு வரிகளில் ஒன்று கடுமையாகவும் மற்றொன்று மென்மையாகவும் தெரிந்தாலும், இரண்டிலும் உள்ள குறை ஒன்றுதான். எதைப் படித்தாலும், மறுநாள் காலை தன் மேசையில் வந்து உட்கார்ந்ததும் எதை மாற்றிச் செய்ய வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. எதில் திருப்தி இல்லை, எந்த அளவுக்குச் செய்தால் போதும், எந்தத் தேதிக்குள், அந்தத் தேதியில் யார் பார்ப்பார்கள் என்பதையெல்லாம் சொல்லாமல் "தக்க நடவடிக்கை" என்று மட்டும் எழுதினால், சொல்லாமல் விட்டதை அவர் தன் அச்சத்தைக் கொண்டு நிரப்பிக்கொள்வார். ஆகவே சொற்களை இளக்குவதில் நேரம் செலவிட வேண்டாம், விவரங்களைத் துல்லியமாக்குங்கள். மிரட்டல் தொனி பெரும்பாலும் தானாகவே போய்விடும்.

முதலில் உங்கள் முதலாளியிடம் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுங்கள். மெமோ என்பது நடந்து முடிந்த ஒரு செயலுக்கு விளக்கம் கேட்கும் கடிதம். பொய்யான பதிவு, சொல்லாமல் விடுப்பு எடுத்தல், பணத்தைக் கையாடுதல் போன்ற ஒழுங்குமீறல்களுக்கு உரியது அது. அதற்கென்று விளக்கம் கேட்பது, விசாரிப்பது, முடிவெடுப்பது என்று தனி நடைமுறை இருக்கிறது. நீங்கள் எழுதப்போவதோ இனி நடக்க வேண்டிய வேலையைப் பற்றியது. இந்த இரண்டையும் ஒரே மடலில் கலந்துவிட்டால், உதவி செய்கிறேன் என்று நீங்கள் எழுதும் வரிகளையும் அவர் குற்றச்சாட்டின் ஒரு பகுதியாகத்தான் படிப்பார். அவரை அனுப்பிவிடுவதென்று நிர்வாகம் ஏற்கெனவே முடிவு செய்திருந்தால், தயவுசெய்து இப்படி ஒரு மின்னஞ்சலை எழுதவே எழுதாதீர்கள். இல்லாத வாய்ப்பை இருப்பதாகக் காட்டுவது அந்த மனிதருக்குச் செய்யும் பெரிய அநியாயம். அவர் தொடர்ந்து இருக்க வேண்டும் என்று நீங்கள் உண்மையிலேயே விரும்புவதாக எடுத்துக்கொண்டு மேலே சொல்கிறேன்.

மின்னஞ்சலுக்கு முன்னால் நேர்ப்பேச்சு நடந்திருக்க வேண்டும். அந்தப் பேச்சில் முடிவானதைப் பதிவு செய்வதற்கே மின்னஞ்சல்; எழுதியிருக்கும் ஒரு குறையை அவர் முதன்முறையாகத் திரையில் படிக்கிறார் என்றால், அதை எவ்வளவு பக்குவமாக எழுதியிருந்தாலும் அடியாகத்தான் விழும். பேசுவதற்கும் முன்னால் நீங்கள் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது, பெரும்பாலான மேலாளர்கள் தாண்டிப் போகும் வேலை அது: பில் எந்த வழியாக வருகிறது என்று நடந்து போய்ப் பாருங்கள்.

உங்களைப் போன்ற தொழிற்சாலையில் சரக்கு வந்ததும் வாயிலில் காவலாளி பில்லில் இன்வர்டு முத்திரை குத்துவார். அது ஸ்டோர்ஸுக்குப் போய், எண்ணிக்கை சரிபார்த்து, சரக்கு வரவுச் சீட்டு போடப்பட்டு, தரப் பரிசோதனையில் கையெழுத்து வாங்கிய பிறகுதான் கணக்குப் பிரிவின் தட்டுக்கு வரும். வார்ப்புத் துண்டில் ஓட்டை இருக்கிறது என்று தரப் பரிசோதனையில் நிறுத்தி வைத்தால் பில்லும் அந்தக் கோப்பிலேயே கிளிப் போட்டுக் கிடக்கும். ஸ்டோர்ஸ்காரர் வாரத்துக்கு இரண்டு முறை மொத்தமாகக் கொண்டுவந்து கொடுப்பவராக இருந்தால் அதிலேயே மூன்று நான்கு நாள் போய்விடும். எனவே ஒரு மாதத்துப் பில்களை எடுத்து மூன்று தேதிகளை எழுதிப் பாருங்கள்: வாயில் முத்திரையில் உள்ள தேதி, கணக்குப் பிரிவுக்கு வந்த தேதி, டேலியில் ஏறிய தேதி. உங்களுடையது கம்பெனிச் சட்டத்தின் கீழ் பதிவான நிறுவனமாக இருந்தால், 2023 ஏப்ரல் 1 முதல் ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியோடு பதிந்து வைக்கும் வசதியுள்ள மென்பொருளில்தான் கணக்கு எழுதியாக வேண்டும் என்பதால், ஒரு பதிவு எந்த நாளில் உருவாக்கப்பட்டது என்பதை டேலியிலேயே பார்க்கலாம். இரண்டாவது தேதிதான் பெரும்பாலும் எங்கேயும் இருக்காது. அப்படியென்றால் கணக்குப் பிரிவுக்கென்று ஒரு தேதி முத்திரை வாங்கி வையுங்கள். அது இல்லாமல் அவருடைய தாமதத்தையும் மற்றவர்களுடைய தாமதத்தையும் பிரிக்கவே முடியாது.

பிரித்துப் பார்த்தால் என்ன தெரியவரும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு வைத்துக்கொள்வோம். மே மாதத்தில் 180 பில்கள்; அவற்றில் 46 பில்கள் ஜூன் 14-ஆம் தேதிக்குப் பிறகுதான் டேலியில் ஏறியிருக்கின்றன. அந்த 46-இல் 19 பில்கள் ஸ்டோர்ஸிலிருந்தே தாமதமாக வந்தவை. மீதி 27 பில்கள் அவர் மேசைக்கு வந்த பிறகு ஒரு வாரத்துக்கு மேல் காத்திருந்தவை. அவரிடம் நீங்கள் பேச வேண்டியது இந்த 27-ஐப் பற்றி மட்டும்தான். 46 என்று எழுதினால், தன் கையில் இல்லாத 19 பில்களுக்கும் தன்னைக் குற்றம் சொல்கிறார்கள் என்று அவர் நினைப்பார், நினைப்பது நியாயமும்கூட. அதன் பிறகு மடலில் உள்ள மற்ற எதையும் அவர் நம்பப்போவதில்லை.

அடுத்து, எதிர்பார்ப்பை எழுதுவது. ஒரே மடலில் ஐந்தாறு எதிர்பார்ப்புகளை அடுக்காதீர்கள், இரண்டு போதும். அந்த இரண்டும் அவர் கையால் முடிக்கக்கூடியவையாக இருக்க வேண்டும். "3பி-யில் நெருக்கடி வரக்கூடாது" என்பது விளைவு. அதில் சப்ளையர், ஸ்டோர்ஸ், ஆடிட்டர், நீங்கள் என்று எல்லோருக்கும் பங்கு உண்டு. "மேசைக்கு வந்த பில் இரண்டு வேலை நாட்களுக்குள் டேலியில் ஏற வேண்டும்" என்பது செயல், அது அவருடையது. அதேபோல "கவனமாக இருக்க வேண்டும்", "பொறுப்புடன் நடந்துகொள்ள வேண்டும்" போன்ற வரிகள் அவருடைய குணத்தைப் பற்றியவை. அவற்றை நிறைவேற்றிவிட்டதாக அவராலும் காட்ட முடியாது, நிறைவேறவில்லை என்று உங்களாலும் காட்ட முடியாது. அளந்து பார்க்க முடியாத எதிர்பார்ப்பு மேலதிகாரியின் அன்றைய மனநிலையைப் பொறுத்ததாகிவிடும் என்பது உங்கள் கணக்கருக்கு அனுபவத்தில் தெரியும்.

காலக்கெடுவைப் பொறுத்தவரை உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. நீங்கள் சொல்லும் தேதிகள் நீங்கள் நினைத்து வைத்தவை அல்ல, சட்டம் வைத்தவை. மாதந்தோறும் தாக்கல் செய்யும் சப்ளையர்கள் அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள் தங்கள் விற்பனை விவரத்தை ஏற்றுவார்கள். அதிலிருந்து 14-ஆம் தேதி, உங்கள் பெயரில் அவர்கள் காட்டிய பில்களின் 2பி பட்டியல் உங்களுக்கு உருவாகும். 20-ஆம் தேதிக்குள் நீங்கள் 3பி தாக்கல் செய்ய வேண்டும். இடையில் இருப்பது ஆறே நாட்கள். அந்த ஆறு நாட்களில் பில் ஏற்றுவதையும் 2பி-யோடு ஒப்பிடுவதையும் சேர்த்துச் செய்ய முடியாது; 14-ஆம் தேதிக்கு முன்பே பில்கள் ஏறியிருந்தால் அந்த ஆறு நாட்களும் ஒப்பிடுவதற்கு மட்டும் கிடைக்கும். இதை மடலில் இரண்டு வாக்கியங்களில் சொல்லிவிட்டால், "மேடத்துக்குக் கோபம், அதனால் கெடு வைக்கிறார்" என்ற எண்ணத்துக்கே இடமிருக்காது.

காரணம் சொல்லும்போது மிகைப்படுத்த வேண்டாம். பில் இந்த மாதம் ஏறாமல் போனால் அதற்குரிய உள்ளீட்டு வரி வரவு, அதாவது கொள்முதலில் கொடுத்த வரியைக் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் வசதி, போய்விடுவதில்லை. அந்த நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30 வரை, ஆண்டு அறிக்கை அதற்கு முன்பே தாக்கலாகாமல் இருந்தால், எடுத்துக்கொள்ளலாம். இந்த மாதம் அந்த அளவுக்குக் கூடுதலாகக் கையிலிருந்து வரி கட்ட வேண்டியிருக்கும், அவ்வளவுதான். 3பி-யே தாமதமானால்தான் நாளொன்றுக்கு 50 ரூபாய் கட்டணமும், ரொக்கமாகக் கட்ட வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டியும் வரும். "உங்களால் கம்பெனிக்கு இலட்சக்கணக்கில் நஷ்டம்" என்று எழுதினால், பல ஆண்டுகளாகக் கணக்கு எழுதியவருக்கு அது உண்மையில்லை என்று உடனே தெரியும். மிகைப்படுத்துவதும் ஒருவகை மிரட்டல்தான். அதோடு மடலின் மதிப்பையும் குறைத்துவிடும்.

மொத்தக் காலம் எவ்வளவு என்று கேட்டால், மூன்று மாதம் என்பேன். அவருடைய வேலை மாதச் சுழற்சியில் ஓடுகிறது. ஒரே மாதத்தைப் பார்த்து முடிவு செய்தால், அந்த மாதம் ஆடிட் வந்ததா, சரக்கு குவிந்ததா என்பதே முடிவைத் தீர்மானித்துவிடும். முதல் மாதத்தில் அளவைச் சற்றுத் தளர்த்தியும், இரண்டாம் மாதத்திலிருந்து முழு அளவிலும் வையுங்கள். இடையில் வாரம் ஒருமுறை பதினைந்து நிமிடம் உட்கார்ந்து பேசுவதாக எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து நேராக ஒரு தீர்ப்பு நாள் என்று மட்டும் வைத்தால், அந்தத் தேதியே அவரைத் தூங்கவிடாது.

உதவியைப் பற்றிய பகுதிதான் இந்த வகை மடல்களில் பெரும்பாலும் வெறுமையாக இருக்கும். "தேவையான எல்லா உதவியும் செய்யப்படும்" என்று எழுதினால் உதவி என்ன என்று நீங்கள் யோசிக்கவே இல்லை என்பதுதான் தெரியும். அவருக்குத் தேதி வைப்பதுபோல உங்களுக்கும் தேதி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டோர்ஸிலிருந்து பில்கள் தினமும் மாலை 4 மணிக்குள் வந்து சேர நீங்கள் எந்தத் தேதிக்குள் ஏற்பாடு செய்வீர்கள்? பழைய நிலுவையை முடிக்க யாரை, எத்தனை நாளுக்குக் கொடுப்பீர்கள்? அவர் தலையில் இருக்கும் எந்த வேலையை எடுத்து வேறொருவரிடம் கொடுப்பீர்கள்? மூத்த கணக்கர்களிடம் அடிக்கடி நடப்பது இது: வங்கிக்குப் போய் வருவது, வாடிக்கையாளருக்குப் போன் போட்டுப் பணம் கேட்பது, முதலாளி வீட்டு மின்கட்டணம் கட்டுவது என்று சிறுசிறு வேலைகள் ஒவ்வொன்றாக அவர்களிடம் வந்து சேரும், "உங்களுக்குத்தான் தெரியும்" என்ற பாராட்டோடு வருவதால் அவர்களால் மறுக்கவும் முடியாது. நேர்ப்பேச்சில் இதைக் கேளுங்கள்: "அண்ணா, காலையில் வந்ததிலிருந்து மதியம் வரைக்கும் என்னென்ன வேலை பார்க்கிறீர்கள்?" காரணம் கேட்கும் கேள்வியைவிட இந்தக் கேள்விக்கு நேரான பதில் கிடைக்கும். உங்கள் அதிகாரத்தில் இல்லாததை மட்டும் வாக்குறுதியாக எழுதாதீர்கள். புதிதாக ஒரு ஆளை எடுப்பது முதலாளியின் முடிவு என்றால் அதை மடலில் சேர்க்கக் கூடாது.

பேச்சின்போது அவர் வீட்டுக் காரணம் ஏதேனும் சொல்லலாம். பெற்றோரின் மருத்துவமனை அலைச்சல், கண்ணில் பார்வைக் குறைவு, கடன் தொல்லை. அவை மின்னஞ்சலில் ஒரு வரிகூட இடம்பெறக் கூடாது. அந்த மடல் கோப்பில் இருக்கும், நாளைக்கு வேறொருவர் படிப்பார். அதற்கேற்ற சலுகையை மட்டும், காரணம் சொல்லாமல், எழுதலாம்.

இனி, முடிவில் என்ன நடக்கும் என்பதைச் சொல்வதா வேண்டாமா? சொல்லத்தான் வேண்டும். மிரட்டாமல் எழுதுவது என்றால் விஷயத்தின் கனத்தை மறைத்து எழுதுவது என்று பொருளில்லை. இது விளையாட்டுக்குச் சொன்னது என்று நினைத்து அவர் விட்டுவிட்டால், மூன்று மாதம் கழித்து முதலாளியின் முடிவு அவர் தலையில் இடியாக விழும். ஆனால் உண்மையில் அடுத்த படி எதுவோ அதை மட்டும் எழுதுங்கள். "தவறினால் நடவடிக்கை" என்பதில் அடுத்த படி எது என்று இல்லை. "அப்போதும் அளவு எட்டப்படவில்லையென்றால், இந்தப் பொறுப்பை எப்படி மாற்றி அமைப்பது என்று நீங்களும் நானும் நிர்வாகமும் சேர்ந்து உட்கார்ந்து பேசுவோம்" என்பதில் இருக்கிறது. அது உண்மையாக இருந்தால் மட்டுமே எழுதுங்கள். முதலாளியிடம் முன்பே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

மேலே சொன்னதையெல்லாம் சேர்த்து உங்கள் மடல் ஏறக்குறைய இப்படி அமையலாம். கணக்கரின் பெயர் முருகேசன் என்று வைத்திருக்கிறேன்.

பொருள்: கொள்முதல் பில் பதிவு – ஜூலை முதல் செப்டம்பர் வரை நாம் பேசிய திட்டம்

முருகேசன் அண்ணாவுக்கு,

வணக்கம். நேற்று நாம் உட்கார்ந்து பேசியதை இருவருக்கும் நினைவில் இருக்கட்டும் என்பதற்காக எழுதுகிறேன். நான் ஏதாவது தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் சொல்லுங்கள், திருத்திவிடலாம்.

மே மாதப் பில்கள் 180-இல் 46 பில்கள் ஜூன் 14-க்குப் பிறகு டேலியில் ஏறின. இவற்றில் 19 பில்கள் நம்மிடமே தாமதமாக வந்தவை. அதைச் சரிசெய்வது என் பொறுப்பு. மற்ற 27 பில்கள் உங்கள் மேசைக்கு வந்த பிறகு ஒரு வாரத்துக்கு மேல் நிலுவையில் இருந்தன. 2பி வரும் 14-ஆம் தேதிக்கும் 3பி தாக்கல் செய்யும் 20-ஆம் தேதிக்கும் இடையில் ஆறு நாட்களே இருப்பதால், அந்த நாட்களை ஒப்பிடும் வேலைக்கு மட்டும் ஒதுக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே இரண்டு விஷயங்களை உங்களிடம் எதிர்பார்க்கிறேன். உங்கள் மேசைக்கு வந்து முத்திரை குத்தப்பட்ட பில், ஜூலை மாதத்தில் நான்கு வேலை நாட்களுக்குள்ளும், ஆகஸ்ட் 1 முதல் இரண்டு வேலை நாட்களுக்குள்ளும் டேலியில் ஏற வேண்டும். ஒவ்வொரு மாதமும் 17-ஆம் தேதி மாலைக்குள் 2பி-யோடு ஒப்பிட்டு, ஒத்துப்போகாத பில்களின் பட்டியல் என்னிடம் வர வேண்டும். சப்ளையர் தாக்கல் செய்யாததால் வரும் வேறுபாடு உங்கள் கணக்கில் சேராது. விளக்கம் தேவைப்பட்டு நிறுத்தி வைத்த பில்லை, காரணத்தோடு தனிக் கோப்பில் வைத்தால் போதும்.

என் பக்கத்தில் செய்யப்போவது: ஸ்டோர்ஸிலிருந்து பில்கள் ஜூலை 5 முதல் தினமும் மாலை 4 மணிக்குள் உங்களிடம் வந்துவிடும். வங்கி வேலையையும் வசூல் போன்களையும் ஜூலை 3 முதல் வேறொருவர் பார்ப்பார். இப்போதுள்ள நிலுவையை ஏற்ற ஜூலை 12 வரை பயிற்சிப் பணியாளர் ஒருவர் காலை நேரத்தில் உங்களுடன் இருப்பார். 2பி ஒப்பிடுவதைச் சுருக்கமாகச் செய்யும் முறையை ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து ஒருவர் ஜூலை 16 அன்று வந்து காட்டுவார்.

வாரம் ஒருமுறை, திங்கள் காலை 10 மணிக்கு, பதினைந்து நிமிடம் பேசுவோம். செப்டம்பர் 24 அன்று மூன்று மாதத்தையும் சேர்த்துப் பார்ப்போம். அளவு எட்டியிருந்தால் இந்த வாரப் பேச்சை நிறுத்திவிடலாம். எட்டவில்லையென்றால், என்ன தடை என்று பார்த்து, இந்தப் பொறுப்பை எப்படி மாற்றி அமைப்பது என்று நிர்வாகத்தோடு சேர்ந்து பேசுவோம்.

நம் கொள்முதல் கணக்கைப் பற்றி இங்கே யாரைவிடவும் உங்களுக்கு அதிகம் தெரியும். இதில் எந்தத் தேதி நடைமுறைக்கு ஒத்துவராது என்று நினைக்கிறீர்களோ அதை வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.

அன்புடன், (உங்கள் பெயர்)

மடலின் முடிவில் இருக்கும் பாராட்டைக் கவனித்திருப்பீர்கள். அது பொதுவான புகழ்ச்சியாக இருந்திருந்தால் நான் சேர்த்திருக்க மாட்டேன். அடுத்த வாக்கியத்தில் அவரிடம் கருத்துக் கேட்பதற்கான காரணமாக அது நிற்கிறது. கசப்பு மருந்துக்கு முன்னும் பின்னும் சர்க்கரை கொடுப்பதுபோல இரண்டு பாராட்டுக்கு நடுவில் ஒரு குறையை வைக்கும் பழக்கம் பல அலுவலகங்களில் இருக்கிறது. அப்படிச் செய்தால் சிலர் குறையையே கவனிக்காமல் விடுவார்கள். மற்றவர்கள் அடுத்த முறை நீங்கள் உண்மையாகப் பாராட்டும்போதும் என்ன வரப்போகிறதோ என்று பதறுவார்கள்.

சொற்களுக்கு வெளியிலும் மிரட்டல் ஒளிந்திருக்கும். நேரில் அண்ணா என்று அழைத்துவிட்டு மடலில் திடீரென்று "திரு. முருகேசன் அவர்களுக்கு" என்று தொடங்கினால், அதற்குக் கீழே எழுதியிருப்பதைப் படிப்பதற்கு முன்பே அவர் கை நடுங்கத் தொடங்கிவிடும். இதுவரை மடல்களில் எப்படி விளித்தீர்களோ அப்படியே விளியுங்கள். நேரில் தமிழில் பேசிவிட்டு மடலை ஆங்கிலத்தில் எழுதுவதும் இதைப் போன்றதே. அலுவலக வழக்கம் ஆங்கிலம்தான் என்றாலும் இந்த ஒரு மடல் அவர் சுலபமாகப் படிக்கும் மொழியில் இருக்கட்டும்.

முதலாளியை நகலில் சேர்க்காதீர்கள். அவருக்குத் தெரிய வேண்டும் என்றால், "இந்தத் திட்டத்தை அவரிடமும் சொல்லியிருக்கிறேன்" என்று நேர்ப்பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். நகல் வரியில் அந்தப் பெயரைப் பார்த்துத் தெரிந்துகொள்வது வேறு, உங்கள் வாயால் கேட்பது வேறு. சனிக்கிழமை மாலை வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் அனுப்பினால் ஞாயிறு முழுவதும் அவருக்குக் கேட்பதற்கு ஆளில்லாமல் போகும். காலையில், நீங்கள் இருவரும் அலுவலகத்தில் இருக்கும்போது அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் வேண்டவே வேண்டாம்.

அனுப்பிய பிறகு "சரி மேடம்" என்று மட்டும் பதில் வந்தால் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பயந்தவரும் அதையே எழுதுவார், கோபத்தில் இருப்பவரும் அதையே எழுதுவார். வெள்ளிக்கிழமை வரை காத்திருந்துவிட்டு நேரில் கேளுங்கள்: "இதில் எந்தத் தேதி கஷ்டம் அண்ணா?" ஒன்றும் கஷ்டமில்லை என்றால், ஜூலை மாதத்தில் இரண்டு மூன்று நாட்கள் தட்டில் எத்தனை பில் இருக்கிறது என்று அவரோடு சேர்ந்து பாருங்கள், தட்டு குறையாமல் "சரி" மட்டும் வந்துகொண்டிருந்தால், அவர் சொல்லாத தடை ஒன்று இருக்கிறது என்று பொருள். மாறாக, 12-ஆம் தேதி வாக்கில் அவரே வந்து "இந்த மூன்று பில்லுக்குத் தரப் பரிசோதனைக் கையெழுத்து இல்லை, என்ன செய்யலாம்?" என்று கேட்டால் திட்டம் வேலை செய்கிறது. தாமதம் முடிந்த பிறகு விளக்குவதிலிருந்து, தாமதமாகும் என்று முன்கூட்டியே சொல்வதற்கு அவர் வந்துவிட்டார்.

இந்தத் திட்டம் கெட்டுப்போவது பெரும்பாலும் மேலாளர் பக்கத்திலிருந்துதான். ஜூலை 5 வந்தும் ஸ்டோர்ஸ்காரர் பழையபடியே வாரத்துக்கு இரண்டு முறை கொண்டுவருவார்; இரண்டு திங்கள் காலைப் பேச்சு வேறு கூட்டத்தால் நடக்காமல் போகும்; வசூல் போன்கள் ஒரு வாரத்தில் மறுபடியும் அவரிடமே வந்துவிடும். உங்கள் பக்கம் ஒரு தேதி தவறினால், அதே மடல் தொடரில் இரண்டு வரியில் எழுதி அவருடைய தேதியையும் அத்தனை நாள் தள்ளி வையுங்கள். அப்படிச் செய்யாமல் செப்டம்பர் 24 அன்று அவருடைய கணக்கை மட்டும் எடுத்து வைத்தால், ஜூலையில் எழுதிய மடல் எவ்வளவு மென்மையாக இருந்திருந்தாலும் அது மெமோவாகத்தான் அவர் நினைவில் நிற்கும்.

செப்டம்பர் 24-இல் அளவு எட்டியிருந்தால், அதையும் அன்றே எழுதிவிடுங்கள். ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் எத்தனை பில்கள் வந்தன, எத்தனை இரண்டு நாட்களுக்குள் ஏறின, ஒப்பீட்டுப் பட்டியல் எந்தெந்தத் தேதியில் வந்தது என்ற எண்களோடு, ஜூலையில் அனுப்பிய அதே மடலுக்குப் பதிலாக அனுப்புங்கள். முதலாளிக்கு இந்த முறை நகல் வைக்கலாம். இரண்டு ஆண்டு கழித்து அவருடைய சம்பள உயர்வைப் பார்க்கும் யாரோ ஒருவர் அந்தக் கோப்பைத் திறக்கும்போது குறையைச் சொன்ன மடல் மட்டும் தனியாக இருக்கக் கூடாது. அந்தக் குறை சரியாகிவிட்டது என்று சொல்லும் மடலும் அதன் கீழேயே இருக்க வேண்டும்.